தவணை தவறாமல் கட்டியும் கடன் ஏறுவது ஏன்?

சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளில் பல இந்த முறை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. பெயர், வங்கி, கடை விவரங்களை நீக்கிவிட்டுப் பதில் தருகிறேன்.

ஐயா, என் கணவர் செம்பனைக் குலை வெட்டும்போது முதுகில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்தார். வீட்டுக் கடன் தவணை 760 வெள்ளி. வங்கியில் பேசியதில் ஓராண்டுக்கு மட்டும் 350 வெள்ளியாகக் குறைத்துக் கொடுத்தார்கள். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினோம். தொடங்கும்போது 142,000 இருந்த கடன் இப்போது 143,798 என்று ஸ்டேட்மென்ட் வந்திருக்கிறது. எங்களை ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை அம்மா. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கையெழுத்துக்கு முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். தவணை குறைந்ததே தவிர வட்டி குறையவில்லை.

நீங்கள் அனுப்பிய தாளில் வட்டி ஆண்டுக்கு 4.2 விழுக்காடு என்று இருக்கிறது. 142,000-ஐ 4.2 விழுக்காட்டால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 497 வெள்ளி வரும். அதுதான் ஒரு மாத வட்டி. பழைய தவணை 760-இல் 497 வட்டிக்குப் போய், மீதி 263 அசலைக் குறைத்துக்கொண்டிருந்தது. 350 கட்டத் தொடங்கியதும் அது வட்டிக்கே போதவில்லை. மாதம் 147 வெள்ளி துண்டு விழுந்தது. அந்த 147-ஐ வங்கி அசலோடு சேர்த்துவிட்டது, அடுத்த மாதம் அதற்கும் வட்டி போட்டது. பன்னிரண்டு மாதத்தில் அப்படிச் சேர்ந்ததுதான் அந்த 1,798 வெள்ளி.

மறுபடி 760 கட்டும்போது என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுங்கள். இப்போது மாத வட்டி 503 ஆகிவிட்டதால் அசலில் 257 வெள்ளிதான் குறையும். ஏறிய 1,798 கரைந்து கடன் பழைய 142,000-க்குத் திரும்பவே ஏழு மாதம் ஆகும். அதாவது சலுகை ஆண்டு, அதற்கு மேல் ஏழு மாதம், ஆக 19 மாதம் கடன் நின்ற இடத்திலேயே நின்றதாகக் கணக்கு. வட்டி விகிதம் மாறாவிட்டால் கடன் முடிவதும் அதே 19 மாதம் தள்ளிப்போகும். சலுகையில் உங்கள் கையில் மிச்சமானது 4,920 வெள்ளி. அதைக் கழித்த பிறகும் கடைசியில் கூடுதலாகக் கட்டப்போவது ஏறக்குறைய 9,500 வெள்ளி.

அதற்காகச் சலுகை வாங்கியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வேறு வழியில்லாத நேரத்தில் வீட்டைக் காப்பாற்றியது அதுதான். கேட்காமலேயே குறைத்துக் கட்டியிருந்தால் அது நிலுவைத் தவணையாகி, தாமதக் கட்டணமும் சேர்ந்திருக்கும். அந்த நிலுவை மூன்று மாதத் தவணை அளவுக்கு வளர்ந்தால் வங்கி அதை வாராக்கடனாக எடுத்துக்கொள்ளும். ஆனால் சலுகை பேசும்போது, "இந்த மாத வட்டி எவ்வளவு?" என்று கேட்டு, முடிந்தால் அந்தத் தொகையையாவது தவணையாக வைக்கச் சொல்லியிருக்கலாம். 500 வெள்ளி கட்டியிருந்தால் கடன் ஏறியிருக்காது. இன்னொரு முறை அப்படிப் பேச வேண்டி வந்தால், கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே அமைப்பின் ஆலோசகரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் காசு வாங்குவதில்லை.

நான் பால் வெட்டுகிறேன். லைசென்ஸ் உள்ள கடன் கடையில் 6,000 வெள்ளி வாங்கினேன். மாதம் 90 கட்டினால் போதும் என்றார்கள். மழையில் வேலை இல்லாமல் மூன்று மாதம் கட்டவில்லை. இப்போது கடன் 6,270, இனி மாதம் 94 கட்டு என்கிறார்கள். இத்தனை நாள் கட்டியது எங்கே போனது?

தம்பி, 6,000-க்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி 1,080 வெள்ளி. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் சரியாக 90. நீங்கள் கட்டியதெல்லாம் வட்டி மட்டும்தான், அசலில் ஒரு காசு குறையவில்லை. இப்படியே பத்து வருடம் கட்டினாலும் 6,000 அப்படியே இருக்கும். கட்டாத மூன்று மாத வட்டி 270-ஐ அசலில் ஏற்றி, அதற்கும் வட்டி போட்டதால்தான் 94 வந்திருக்கிறது.

1951-ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டப்படி இது கூடாது. அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டு வட்டி 18 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அடமானம் இருந்தால் 12. கூட்டு வட்டிக்கு இடமே இல்லை. தவறிய தவணைக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு தனி வட்டி மட்டும் கேட்கலாம். அடமானம் இல்லாத கடனுக்கு 'ஜே' அட்டவணை என்று ஒரு ஒப்பந்தப் படிவம் உண்டு. அதில் வட்டியும் அசலும் சேர்த்துத் தவணை எழுதப்பட்டிருக்கும். 6,000 வெள்ளியை இரண்டு ஆண்டுக்கு வாங்கினால் வட்டி 2,160, மொத்தம் 8,160, மாதம் 340 வெள்ளி, 24 தவணையில் கணக்கு தீரும்.

உங்கள் கையில் அந்த ஒப்பந்தத்தின் நகல் இருக்கிறதா? இல்லையென்றால் போய்க் கேளுங்கள். கிடைத்ததும் அதில் தவணை எவ்வளவு என்று முதலில் பாருங்கள். 340 என்று எழுதி நீங்கள் 90 கட்டியிருந்தால் உங்கள் பக்கமும் நிலுவை இருக்கிறது, அதை மறைத்துப் பேச முடியாது. நகலே தராமல் இழுத்தடித்தால் லைசென்ஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சில் புகார் கொடுங்கள். லைசென்ஸே இல்லை என்று தெரிந்தால் அது ஆலோங் வேலை. அந்த ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது. மிரட்டினால் நேராகப் போலீஸுக்குப் போங்கள்.

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி வருகிறேன். அதுவும் இப்படி ஏறுமா?

ஏறாது. குறைந்தபட்சம் என்பது நிலுவையில் 5 விழுக்காடு. உச்ச வட்டியே ஆண்டுக்கு 18, மாதத்துக்கு ஒன்றரை விழுக்காடுதான். எனவே ஆமை வேகத்திலாவது குறையும். உங்களுக்கு ஏறுகிறது என்றால் கார்டைத் தேய்ப்பதை நீங்கள் நிறுத்தவில்லை என்று அர்த்தம்!

பேங்க் நெகாரா வட்டியை உயர்த்தினால் தவணை வட்டிக்குப் போதாமல் போகுமா?

சாதாரணமாகப் போகாது, ஆனால் பக்கத்தில் வரும். 2022 மே முதல் 2023 மே வரை அடிப்படை வட்டி 1.75-இலிருந்து 3 விழுக்காட்டுக்கு ஏறியது. 35 ஆண்டுக் கடனாக 200,000 வெள்ளியை 3 விழுக்காட்டில் வாங்கியவருக்குத் தவணை சுமார் 770, முதல் மாத வட்டி 500. அந்த உயர்வு முழுவதும் அவர் தலையில் விழுந்தால் வட்டி சுமார் 708 ஆகும். அசலுக்குப் போவது 270-இலிருந்து அறுபது சொச்சமாகிவிடும். வங்கி புதிய தவணையைக் கடிதத்தில் சொல்லியிருக்கும். ஆனால் தானாகக் கழியும்படி எழுதிக் கொடுத்த தொகை பழையதாகவே இருந்தால், வித்தியாசம் மாதாமாதம் நிலுவையாகச் சேரும். கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பவர்கள் நம்மில் நிறைய.

கையில் 3,000 வெள்ளி வந்திருக்கிறது. வீட்டுக் கடனில் போட்டால் அசல் குறையுமா?

சொல்லிப் போட்டால்தான் குறையும். சும்மா கணக்கில் செலுத்தினால் பல கடன்களில் அது வரப்போகும் தவணைக்கான முன்பணமாகவே நிற்கும், அசல் அப்படியே இருக்கும். முதலில் நிலுவைத் தவணையோ தாமதக் கட்டணமோ இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பணம் முதலில் அதற்குத்தான் போகும். அதைத் தீர்த்த பிறகு மீதியை "அசலைக் குறைக்க" என்று எழுத்தில் கொடுங்கள். அடுத்த மாத ஸ்டேட்மென்டில் அசல் நிலுவை அந்த அளவுக்கு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் அந்தக் கடிதத்தின் நகலோடு வங்கிக்குத் திரும்பப் போக வேண்டியதுதான்.