வங்கிக்கு வந்த 28 இலட்சமும் வருமானமா? கிரிப்டோ கணக்குக்கு இறைவரித் திணைக்களம் கேட்ட விளக்கம்

கேள்வி: ஐயா, நான் கோண்டாவிலில் இருக்கிறேன். தனியார் கம்பனியில் மாதம் 70 ஆயிரம் ரூபாய் சம்பளம், வேறு வருமானம் இல்லை. 2022/23 மதிப்பீட்டு ஆண்டில் என் வங்கிக் கணக்குக்கு வந்த 27 இலட்சத்து 99 ஆயிரத்து 200 ரூபாய்க்கு விளக்கம் கேட்டு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அது பைனான்ஸ் என்ற கிரிப்டோ சந்தையில், ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கிற பி2பி முறையில், டொலர் மதிப்போடு ஒட்டி நிற்கிற USDT நாணயத்தை விற்ற காசு. இதுவரை வருமான வரி விவரத்திரட்டு எதுவும் கொடுத்ததில்லை. டொலரில் கணக்குப் பார்த்தால் எனக்கு நட்டம்தான். கனடாவிலிருந்து அக்கா அனுப்பியது என்று எழுதிவிடச் சொல்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்ய?

பதில்: தம்பி, அக்காவின் பெயரை இதற்குள் கொண்டுவர வேண்டாம். வெளிநாட்டுக் காசு வங்கிக்கு வந்தால் வங்கிக் கூற்றில் அது வெளிநாட்டிலிருந்து வந்த வரவாகவே பதிவாகும். உங்களுக்கு வந்தவையோ உள்ளூர்க் கணக்குகளிலிருந்து, முன்பின் தெரியாத பெயர்களில் வந்தவை. கூற்றைப் பார்க்கிற அதிகாரிக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். மறந்துபோன வருமானம் ஒரு பிழை. பொய் விளக்கம் எழுதிக் கையெழுத்து வைத்தால் அது வேறு விஷயமாகிவிடும். உண்மையை எழுதினாலே உங்கள் கணக்கு நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை என்பதையும் கீழே காட்டுகிறேன்.

முதலில் கடிதத்தில் பதிலுக்குக் கொடுத்த கடைசித் திகதியைப் பாருங்கள். அதற்குள் முடியாது என்று தெரிந்தால், திகதி தாண்டுவதற்கு முன்பே கால அவகாசம் கேட்டு எழுத்தில் கொடுங்கள்.

அப்புறம் பைனான்சிலிருந்து கணக்குக் கூற்றுகளைத் தரவிறக்குங்கள். கடிதம் ஒரு ஆண்டைப் பற்றித்தான் கேட்கிறது என்றாலும், கணக்குத் திறந்த முதல் நாளிலிருந்து எடுக்க வேண்டும். உதாரணமாக, 2022 யூலையில் விற்ற USDTயை எந்த விலைக்கு வாங்கினீர்கள் என்பது அந்த ஆண்டுக்குள் இல்லாமல், அதற்கு முந்திய பெப்ரவரியில் கிடக்கலாம். மூன்று கோப்புகள் தேவை: முழுப் பரிவர்த்தனை வரலாறு, ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றிய ஸ்பொட் வர்த்தக வரலாறு, பி2பி ஓடர் வரலாறு. ஸ்கிரீன்ஷொட் போதாது, எக்செலில் திறக்கிற கோப்பாகவே எடுங்கள்.

பலர் சறுக்குவது ஸ்பொட் கணக்கை மட்டும் எடுப்பதில்தான். பி2பியில் வாங்குவதும் விற்பதும் Funding கணக்கில் நடக்கும். அது கோப்பில் இல்லையென்றால், ஸ்பொட்டுக்கு மாற்றிய USDT எங்கிருந்தோ இலவசமாக வந்ததுபோலத் தெரியும். விலை இல்லாமல் வந்த சொத்தை விற்றால் விற்ற தொகை முழுவதும் இலாபம் என்றுதானே கணக்கு வரும்?

கோப்பு முழுமையா என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை உண்டு. பரிவர்த்தனை வரலாற்றில் User_ID, UTC_Time, Account, Operation, Coin, Change என்று நிரல்கள் இருக்கும். வரவு கூட்டலாகவும் செலவும் கட்டணமும் கழித்தலாகவும் Change நிரலில் வரும். ஆகவே ஒரு நாணயத்துக்கு அந்த நிரலைக் கூட்டினால் இன்று கையில் இருக்கும் மீதி வர வேண்டும்:

```
=SUMIFS(F:F,E:E,"USDT")
```

நீங்கள் எல்லாவற்றையும் விற்றுவிட்டால் விடை பூச்சியம். 500 என்று வந்தால் எடுப்பனவு ஒன்று கோப்பில் விடுபட்டிருக்கிறது; கழித்தலில் வந்தால் வைப்பு ஒன்றைக் காணவில்லை. எந்த மாதம் என்று தேடிப் பிடியுங்கள். இது சரிவராமல் இலாபக் கணக்குக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று, UTC_Time நிரலில் இருக்கிற நேரம் எங்கள் நேரம் இல்லை. கோப்பில் 2022-03-31 19:10 என்று இருப்பது இலங்கையில் ஏப்ரல் 1, அதிகாலை 12.40. அதாவது அடுத்த மதிப்பீட்டு ஆண்டு. புதிய நிரல் ஒன்றில் =B2+TIME(5,30,0) என்று போட்டு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிவிடுங்கள். வங்கிக் கூற்றோடு திகதிகள் பொருந்துவதற்கும் இது வேண்டும்.

பிறகு பி2பி ஓடர் ஒவ்வொன்றையும் வங்கிக் கூற்றின் வரியோடு பொருத்துங்கள். ஓடர் இலக்கம், USDT அளவு, ரூபாய், வங்கித் திகதி, அனுப்பியவர் பெயர். இந்தப் பட்டியல்தான் உங்கள் பதிலின் முதுகெலும்பு. பொருந்தாத வரவு ஏதும் இருந்தால் தனியே வைத்து, அது என்ன என்று எழுதுங்கள்.

இப்போது இலாபம். உங்களைப் போன்ற ஒருவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2022 பெப்ரவரியில் 5,000 USDT, ஒன்று 235 ரூபாய்ப்படி 11 இலட்சத்து 75 ஆயிரத்துக்கு வாங்குகிறார். பிட்கொயினில் போட்டு இழந்து, மிஞ்சிய 4,000ஐ யூலையில் 365 படி 14 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு விற்கிறார். ஓகஸ்டில் 3,500ஐ 370 படி 12 இலட்சத்து 95 ஆயிரத்துக்கு மறுபடி வாங்குகிறார். அது 3,600 ஆகி, நவம்பரில் 372 படி 13 இலட்சத்து 39 ஆயிரத்து 200க்குப் போகிறது. வங்கிக்கு வந்த வரவு கிட்டத்தட்ட 28 இலட்சம். ஆனால் இலாபம் முதல் சுற்றில் 2,85,000, இரண்டாம் சுற்றில் 44,200, மொத்தம் 3,29,200 ரூபாய். ஒரே காசு இரண்டு தடவை சுற்றி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் சுற்றைக் கவனியுங்கள். 1,000 USDT நட்டப்பட்டும் ரூபாயில் இலாபம் நிற்கிறது. 2022 மார்ச் 7இல் மத்திய வங்கி ரூபாயை மிதக்கவிட்ட பிறகு டொலர் ஏறிய ஏற்றம் அது. வரி ரூபாயில்தான் கணக்கிடப்படும். ஆகவே “டொலரில் எனக்கு நட்டம்” என்று மட்டும் எழுதினால் நிற்காது. பிட்கொயினுக்கு மாற்றிய ஒவ்வொரு மாற்றலையும் அன்றைய ரூபாய் மதிப்பில் எடுத்தால் மொத்தம் மாறாது. ஆனால் மார்ச் 31 வரை நடந்த மாற்றல்களின் இலாபமோ நட்டமோ 2021/22க்குப் போகும்.

இனி இது எந்த வகை வருமானம் என்ற கேள்வி. கிரிப்டோவுக்கென்று அந்த ஆண்டுக்குத் தனி வரிவிதி இல்லை, 2017இன் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் பொது விதிகள்தான். முதலீட்டுச் சொத்து இலாபம் என்றால் 10 வீதம், அதற்குத் தனிநபர் வரி நிவாரணம் கிடைக்காது: அதிகபட்சம் 32,920 ரூபாய் வரி. அடிக்கடி வாங்கி விற்ற வியாபாரம் என்றால் சம்பளத்தோடு சேரும், நிவாரணம் கிடைக்கும். 2022/23இல் நிவாரணம் முதல் ஒன்பது மாதத்துக்கு 22 இலட்சத்து 50 ஆயிரம், கடைசி மூன்று மாதத்துக்கு 3 இலட்சம். உங்கள் ஒன்பது மாதச் சம்பளம் 6 இலட்சத்து 30 ஆயிரம், அதோடு இந்த இலாபம் முழுவதும் சேர்ந்தாலும் 9 இலட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டாது. கடைசி மூன்று மாதச் சம்பளம் 2 இலட்சத்து 10 ஆயிரம். வரி பூச்சியம். 10 வீதம் குறைவுதானே என்று முதலீடு என எழுதுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. நூற்றுக்கணக்கான வர்த்தக வரிகள் உங்கள் கோப்பில் இருந்தால் அதை வியாபாரமாகக் காட்டுவதே உண்மைக்கும் கிட்ட என்பது என் அபிப்பிராயம். ஆனால் இந்த ஒரு இடத்துக்காகப் பட்டயக் கணக்காளர் ஒருவருக்குக் காசு கொடுப்பது வீண்போகாது.

எங்காவது கடன் அட்டையோ டெபிட் அட்டையோ போட்டு வாங்கியிருந்தால் அது வேறு சிக்கல். மெய்நிகர் நாணயத்துக்கு அட்டையால் பணம் செலுத்த அனுமதி இல்லை என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. அப்படி இருந்தால் பதில் எழுதுவதற்கு முன் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

கொடுக்க வேண்டியது இவைதான்: இரண்டு பக்கத்துக்கு மேற்படாத விளக்கக் கடிதம், பொருத்திய பட்டியல், இலாபக் கணக்கு, வங்கிக் கூற்று, மூலக் கோப்புகள் ஒரு பென் டிரைவில். 2022/23 விவரத்திரட்டு 2023 நவம்பர் 30க்குள் கொடுத்திருக்க வேண்டியது. அதைக் கொடுக்கும் கடமை உங்களுக்கு இருந்ததா என்று கணக்காளரிடமே கேட்டு, இருந்ததென்றால் கூடவே கொடுத்துவிடுங்கள். இதையெல்லாம் மீறி முழு 28 இலட்சத்துக்கும் வரி மதிப்பீடு வந்தால், அறிவித்தல் கிடைத்து 30 நாளுக்குள் நிர்வாக மீளாய்வு கேட்க வேண்டும். அந்த நாட்களை எண்ண, கடித உறையைக்கூட எறியாமல் வைத்திருங்கள். பதிலைக் கையளிக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள்.