சராசரி ஒன்று, திட்ட விலக்கம் வேறு

"ஆய்வில் இரண்டு கேள்விகளுக்கும் சராசரி 3தான்; திட்ட விலக்கம் மட்டும் 0.71, 2 என்று வருகிறது. புள்ளியியல் என்றாலே பயம். இதற்கு என்ன பொருள்?"

மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிச் சிதறியிருக்கின்றன என்பதைச் சொல்வதுதான் திட்ட விலக்கம். முதல் கேள்விக்கு ஐவர் 1 முதல் 5 வரையிலான அளவில் தந்த மதிப்பெண்கள் 2, 3, 3, 3, 4 என்றும், இரண்டாவதற்கு 1, 1, 3, 5, 5 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் ஒவ்வொன்றிலிருந்தும் சராசரியைக் கழித்தால் −2, −2, 0, 2, 2 கிடைக்கும். அப்படியே கூட்டினால் ஒன்றையொன்று அடித்துப் பூச்சியமாகிவிடும் என்பதால்தான் வர்க்கப்படுத்துகிறோம். வர்க்கங்களின் கூடுதலான 16ஐ, இவர்கள் பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி மட்டுமே என்பதால் 5க்குப் பதில் 4ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 2. சூத்திரம் பார்க்க மிரட்டினாலும் உள்ளே இவ்வளவுதான். முதல் கேள்வியில் விடைகள் நடுவை ஒட்டியே இருக்க, இரண்டாவதிலோ கருத்து இரண்டாகப் பிளந்திருக்கிறது; ஆகவே அங்கே "பெரும்பாலோர் நடுநிலை" என்று எழுதிவிடாமல், எந்த மதிப்பெண்ணை எத்தனை பேர் தந்தார்கள் என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.