முப்பது கிலோ என்று யார் சொன்னது?

*முதல் வெளிநாட்டு விமானப் பயணம் குறித்து வந்த கடிதங்களில் சில*

கேள்வி: துபாயில் இருக்கும் மகனைப் பார்க்க முதன்முதலாகப் போனேன். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து துபாய்க்கு வேறொரு டிக்கெட். முப்பது கிலோ கொண்டுபோகலாம் என்று ஏஜென்ட் சொன்னார். என் பெட்டி 28 கிலோதான். மதுரை விமான நிலையத்திலேயே 13 கிலோவுக்குப் பணம் கேட்டு வாங்கிவிட்டார்கள். இது என்ன நியாயம்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அம்மா, உங்களிடம் பணம் வாங்கிய விமான நிறுவனத்தின் மீது தவறு இல்லை. உங்களிடம் டிக்கெட் விற்றவர் மீதுதான் தவறு இருக்கிறது. உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. வெளிநாட்டுப் பயணத்துக்குரிய 30 கிலோ, ஒரே பதிவு எண்ணில் மதுரையிலிருந்து துபாய் வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தால்தான் மதுரையிலிருந்தே செல்லுபடியாகும். உங்களுக்கு இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்துவிட்டதால், மதுரைக் கவுன்ட்டரில் இருந்தவருக்கு நீங்கள் சென்னை வரைக்கும் மட்டும் போகும் ஓர் உள்நாட்டுப் பயணி. ஆகவே 28 கிலோவில் 15 போக மீதி 13 கிலோவும் கூடுதல் எடை ஆகிவிட்டது. கிலோவுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட அது 6,500 ரூபாய். தனித்தனியாக எடுத்ததில் மிச்சமான பணம் அதற்கு முன்பே கரைந்துபோயிருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றிலிருந்து நீங்கள் தப்பியிருக்கிறீர்கள். தனித்தனி டிக்கெட் என்றால், சென்னையில் இறங்கிப் பெட்டியை நீங்களே பெற்றுக்கொண்டு, பன்னாட்டு முனையத்துக்குப் போய், மறுபடியும் கவுன்ட்டரில் வரிசையில் நின்று ஒப்படைக்க வேண்டும். மதுரை விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகி, துபாய் விமானத்தை நீங்கள் தவறவிட்டிருந்தால், அதற்கு இரண்டு நிறுவனங்களில் ஒன்றுகூடப் பொறுப்பேற்றிருக்காது. ஒரே பதிவாக இருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது.

ஏஜென்ட் ‘முப்பது கிலோ’ என்று கைபேசியில் செய்தியாக அனுப்பியிருந்தால் அதை அழிக்காதீர்கள். அந்தச் செய்தியையும் மதுரையில் கொடுத்த ரசீதையும் இணைத்து, கட்டிய தொகையைத் திருப்பித் தருமாறு அவருக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதியுங்கள். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் நிரூபிப்பது கடினம். அதனால்தான் அடுத்த முறை பணம் கட்டுவதற்கு முன் டிக்கெட்டில் பேக்கேஜ் என்ற கட்டத்தைப் படியுங்கள் என்கிறேன். அங்கே 30K என்று இருந்தால் மொத்தம் முப்பது கிலோ. 2PC என்று இருந்தால் இரண்டு பெட்டிகள். அமெரிக்கா, கனடாப் பயணங்களில் பெரும்பாலும் பெட்டிக்கு 23 கிலோ வீதம் இப்படித்தான் வரும். இதில் ஒரே பெட்டியில் 30 கிலோவை அடைத்துவிட்டு, இன்னொரு பெட்டி கணக்கில் இருக்கிறதே என்று வாதாட முடியாது. அந்தக் கட்டத்தில் எதுவும் இல்லையென்றால், மலிவு விலை விமானங்களில் பெரிய பெட்டிக்கென்று தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். அதை வீட்டிலிருந்தபடி முன்கூட்டியே கட்டுவதற்கும் கவுன்ட்டரில் போய்க் கட்டுவதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

கேள்வி: பவர் பேங்க், கொப்பரைத் தேங்காய் இரண்டையும் பெரிய பெட்டியில் வைக்கலாமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், எண்ணெய் மிகுந்து தானாகவே சூடேறக்கூடிய கொப்பரையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:25 என்று போட்டிருந்தது. 15ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கே விமான நிலையம் போய்விட்டேன். வாசலிலேயே நிறுத்தி, விமானம் நேற்று நள்ளிரவே போய்விட்டது என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: நள்ளிரவு தாண்டினால் தேதி மாறிவிடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 15ஆம் தேதி 00:25 என்றால், 14ஆம் தேதி இரவு ஒன்பதரை மணிக்கு நீங்கள் விமான நிலையத்தில் இருந்திருக்க வேண்டும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஒன்றின் மேல் அச்சடித்திருக்கும் நேரத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்காதவருக்காக நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அடிப்படைக் கட்டணம் பெரும்பாலும் போனதுதான். ஆனால் நீங்கள் பறக்காத பயணத்துக்காக வசூலித்த அரசு வரிகளையும், விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் விமான நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. டிக்கெட்டே திரும்பப் பெற முடியாத வகை என்று சொன்னாலும் அந்தப் பகுதி உங்களுக்கு உரியது. கேட்காமல் தானாக வரும் என்று காத்திருக்காமல் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. போகவரச் சேர்த்து ஒரே பதிவாக எடுத்திருந்தால், முதல் பயணத்துக்கு நீங்கள் வராததைக் காரணம் காட்டித் திரும்பி வரும் டிக்கெட்டையும் பல நிறுவனங்கள் தாமாகவே ரத்து செய்துவிடும். புது டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அது உயிரோடு இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

கேள்வி: கோலாலம்பூர் விமானம் சென்னையிலிருந்து இரவு 11.30க்கு. இணையத்திலேயே செக்-இன் செய்து போர்டிங் பாஸ் எடுத்துவிட்டேன். ஒரு மணி நேரம் முன்னால் போனால் போதும்தானே? ஒரு பெட்டி இருக்கிறது.
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: போதாது. ஒரு மணி நேரம் முன்னால், அதாவது பத்தரை மணிக்கு, கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். சில நிறுவனங்கள் அதற்கும் முன்பே மூடும். இணையத்தில் செக்-இன் செய்ததால் உங்கள் இருக்கை உறுதியாகியிருக்கலாம், ஆனால் பெட்டியை யாராவது வாங்க வேண்டுமே. பெட்டி இல்லாதவர்கள்கூடப் பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டுவதற்காகக் கவுன்ட்டருக்கு வர வேண்டும் என்று பல நிறுவனங்கள் வற்புறுத்துகின்றன.

உங்கள் இரவை இப்படிக் கணக்கிடுங்கள். கவுன்ட்டர் சுமார் எட்டரை மணிக்குத் திறக்கும்; நீங்கள் அந்நேரம் வாசலில் இருங்கள். வாசலில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் உங்கள் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். அடுத்தது கவுன்ட்டர் வரிசை. இரவு நேரத்தில் வளைகுடாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் அடுத்தடுத்து விமானங்கள் புறப்படுவதால் முக்கால் மணி நேரம் நிற்க நேர்ந்தாலும் வியக்காதீர்கள். பெட்டியை ஒப்படைத்ததும் கொடுக்கும் சிறு ஒட்டுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பெட்டி வந்து சேராவிட்டால் உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

அதன் பிறகு இமிக்ரேஷன். எங்கே போகிறீர்கள், எதற்கு, எப்போது திரும்புவீர்கள் என்று கேட்பார்கள். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட முகவரியும் அச்சிட்டுக் கையில் இருந்தால் பதில் சொல்வது எளிது. கடைசியாக உடல், கைப்பைச் சோதனை. இங்கேதான் முதல் பயணிகள் அழுவதை நான் பார்த்திருக்கிறேன். திரவமோ களிம்போ எதுவாயினும் ஒரு கொள்கலன் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகக் கூடாது. பாதி காலியான அரை லிட்டர் நெய்ப் புட்டியும் அரை லிட்டர் புட்டியாகத்தான் கணக்காகும். அதைப் பெரிய பெட்டிக்கு மாற்றலாம் என்று அப்போது தோன்றிப் பயனில்லை. அந்தப் பெட்டி ஏற்கெனவே போய்விட்டது. விமானத்துக்குள் நுழையும் வாயிலை, புறப்படும் நேரத்துக்கு இருபது இருபத்தைந்து நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். 11.30 என்பது விமானம் நகரத் தொடங்கும் நேரம். நீங்கள் ஓடி வந்து ஏறும் நேரம் அன்று.

கேள்வி: சிங்கப்பூர் போக வருகை அட்டை வேண்டுமென்று தேடியபோது முதலில் வந்த தளத்தில் 4,500 ரூபாய் கட்டிவிட்டேன். இலவசம் என்று பிறகுதான் நண்பர் சொன்னார்.
– ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசுத் தளம் போலவே கொடியும் முத்திரையும் வைத்து, தேடல் முடிவின் உச்சியில் விளம்பரமாக நிற்கும்படி பணம் கட்டி, முதல்முறை போகிறவர்களையே குறிவைத்து நடக்கும் வியாபாரம் அது. சிங்கப்பூரின் அந்த அட்டைக்குக் கட்டணமே இல்லை. போய்ச் சேரும் நாள் உட்பட மூன்று நாட்களுக்குள் நீங்களே நிரப்பலாம். உண்மையான தளத்தின் முகவரி gov.sg என்று முடியும். அந்த அட்டை விசாவும் அன்று. விசா தனியாக வேண்டும். அட்டையை அந்தத் தளத்தில், புறப்படுவதற்கு முன் அந்த மூன்று நாட்களுக்குள் நீங்களாக நிரப்புங்கள். அவர்கள் நிரப்பியதை நம்பிப் போகாதீர்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியை அழைத்து அந்தப் பணப் பரிமாற்றத்தை மறுத்துப் புகார் கொடுங்கள், கார்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும் சொல்லுங்கள். பணத்தோடு உங்கள் பாஸ்போர்ட் விவரமும் அவர்களிடம் போயிருக்கிறது.

கேள்வி: முதல் பயணத்துக்காகத் தள்ளுபடியில் பெரிய சக்கரப் பெட்டி ஒன்று வாங்கப் போகிறேன். எந்த அளவு வாங்கலாம்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அளவைக் கேட்கிறீர்கள், விலையைக் கேட்கிறீர்கள், நிறத்தையும் கேட்பீர்கள்; வெறும் பெட்டியின் எடையை மட்டும் யாரும் கேட்பதில்லை. விற்கிறவரும் சொல்வதில்லை. நான் பாதி விலைக்கு வாங்கிய பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து எடை போட்டபோது ஐந்தரை கிலோ இருந்தது. இருபது கிலோ அனுமதியில் ஐந்தரை கிலோ காற்றையும் கைப்பிடியையும் சுமந்துகொண்டு, சட்டைக்கும் மிளகாய்ப் பொடிக்கும் பதினான்கரை கிலோவை வைத்துக்கொண்டேன். பெரிய பெட்டி இன்னொரு தீங்கையும் செய்யும்: இடம் இருக்கிறதே என்று நம்மை நிரப்பச் சொல்லும். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால், பணம் கட்டினாலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். தூக்குகிற தொழிலாளியின் முதுகு அதற்குக் காரணம்.

ஆகவே கடையில் ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். மூன்று, மூன்றரை கிலோவுக்குள் இருக்கும் நடுத்தர அளவுப் பெட்டியே 20 கிலோவுக்குப் போதும். கைப்பைக்கும் இதே கணக்குதான்: பல நிறுவனங்களில் மொத்த அனுமதி 7 கிலோ, சக்கரம் வைத்த சிறு பெட்டியே அதில் இரண்டரை கிலோவைத் தின்றுவிடும், சாதாரணத் தோள்பை ஒரு கிலோகூட வராது.

தொங்கவிட்டு எடை பார்க்கும் மலிவான கருவி ஒன்றையும் நான் வாங்கினேன். அது இரண்டு கிலோ குறைத்துக் காட்டியது. அந்த இரண்டு கிலோவுக்கு விமான நிலையத் தரையில் பெட்டியைத் திறந்து போட்டு, பின்னால் நின்றவர்கள் பார்க்க அப்பளக் கட்டுகளை எடுத்தேன். நீங்கள் வாங்கினால், உறை பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பைகள் நான்கை ஒரு சாக்கில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். இருபதைக் காட்டாவிட்டால் மறுநாளே கடையில் திருப்பிக் கொடுங்கள்.