முட்டை அலர்ஜி உள்ள பள்ளிக் குழந்தைக்கு என்ன செய்து கொடுப்பது?

கேள்வி: 7 வயது மகனுக்கு முட்டை அலர்ஜி. காலை டிபனுக்கும் ஸ்நாக்ஸ் டப்பாவுக்கும் என்ன கொடுக்கலாம்? முட்டைக்குப் பதில் வாழைப்பழம், ஆளி விதை எல்லாம் போட்டு கேக் செய்தேன், நடுவில் களி மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்:

கேக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அது புரிந்தால் மற்றது சுலபம். என் மகளுக்கும் இதே அலர்ஜி. அதனால் எங்கள் வீட்டு ஓவனுக்குள் முட்டை போவதே இல்லை.

நீங்கள் எடுத்த செய்முறையில் எத்தனை முட்டை என்று பாருங்கள். ஒன்று என்றால் மாற்றுப் பொருள் பெரும்பாலும் வேலை செய்யும். மூன்று, நான்கு என்றால் அந்தச் செய்முறையையே விட்டுவிடுங்கள். அப்படிப்பட்ட ஸ்பாஞ்ச் கேக்கில், அடித்த முட்டையின் நுரைதான் மாவைத் தூக்குகிறது. சூட்டில் இறுகி அதை அப்படியே நிறுத்துவதும் முட்டைதான். ஊறிய ஆளி விதைக்கும் மசித்த வாழைப்பழத்துக்கும் ஒட்டவைக்கத் தெரியும், ஈரம் கொடுக்கத் தெரியும், தூக்கி நிறுத்தத் தெரியாது. மூன்று முட்டைக்கு ஈடாக முக்கால் கப் வாழைப்பழம் போட்டால் அத்தனை ஈரமும் கேக்கின் நடுவில்தான் தங்கும். நீங்கள் சொல்லும் களி அதுதான். இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக வேகவைத்தாலும் ஓரம் காயுமே தவிர நடு சரியாகாது.

அதனால் முதலிலிருந்தே முட்டையைக் கேட்காத செய்முறையைப் பிடியுங்கள். எனக்கு மிகவும் நம்பிக்கையானது வினிகர் சாக்லேட் கேக். ஒன்றரை கப் மைதா (190 கிராம்), ஒரு கப் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி கோகோ தூள், ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, அரை தேக்கரண்டி உப்பு. இவற்றைச் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் ஒரு கப் தண்ணீர், 5 மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி வெனிலா எசன்ஸ். ஓவன் 180 டிகிரிக்குச் சூடான பிறகுதான் இரண்டையும் கலக்க வேண்டும். வினிகர் சோடாவைத் தொட்ட நொடியிலிருந்து வாயு வர ஆரம்பிக்கிறது. கலந்து வைத்துவிட்டு ஓவன் சூடாகக் காத்திருந்தால் தூக்க வேண்டிய குமிழ்கள் மேலே வந்து உடைந்து போயிருக்கும். மாவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கலந்தால் போதும், சின்னக் கட்டிகள் இருந்தால் பரவாயில்லை. அதிகம் கலக்கினால் கேக் ரப்பர் மாதிரி ஆகும்.

பெரிய டின்னை விட மஃபின் தட்டு நல்லது. முட்டை இல்லாத மாவு உயரமாக நிற்கத் திணறும், சின்னக் குழியில் நடுப்பகுதி சீக்கிரம் வெந்து இறுகிவிடும். இந்த அளவுக்குப் பன்னிரண்டு கப்கேக் வரும், 18 முதல் 20 நிமிடம் ஆகும். குச்சி சுத்தமாக வர வேண்டும். மேலே விரலால் அழுத்தினால் குழி விழாமல் எழும்ப வேண்டும். முதல் கால் மணி நேரம் ஓவன் கதவைத் திறக்காதீர்கள். நடு உள்வாங்கினால் பெரும்பாலும் காரணம் அதுவாகவோ, தண்ணீர் கூடியதாகவோ இருக்கும்.

சாக்லேட் வேண்டாம் என்றால் கோகோவை மட்டும் எடுத்துவிட்டு இதையே செய்யாதீர்கள். மிஞ்சும் சோடாவின் சோப்புச் சுவையை மறைக்க கோகோ இருக்காது. அதற்குத் தயிர் கேக் சரி: ஒரு கப் கெட்டித் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரைத்து, ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரை தேக்கரண்டி சோடாவும் போட்டு ஐந்து நிமிடம் வையுங்கள். அது பொங்கி வந்ததும் அரை கப் எண்ணெய், வெனிலா, ஒன்றரை கப் மைதா.

ஆளி விதையை வீணாக்க வேண்டாம், குக்கீஸுக்கும் மஃபினுக்கும் அது நன்றாகவே உதவும். ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி பொடியும் 3 மேசைக்கரண்டி தண்ணீரும் கலந்து, வழவழப்பு வரும்வரை பத்து நிமிடம் ஊறவிடுங்கள்.

காலை டிபனுக்கு பான்கேக் எளிது. ஒரு கப் மைதா அல்லது கோதுமை மாவு, ஒரு கப் பால், 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 2 மேசைக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் சர்க்கரை, உப்பு. ஐந்து நிமிடம் வைத்துவிட்டு மிதமான தீயில் ஊற்றுங்கள். மேலே வரும் குமிழ்கள் உடைந்து, ஓட்டை மூடாமல் நின்றால் திருப்பலாம். வயிறு தாங்க வேண்டிய நாட்களில் கடலை மாவு ஆம்லெட். அரை கப் மாவுக்குக் கிட்டத்தட்ட அரை கப் தண்ணீர், மஞ்சள் தூள், உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம். கால் மணி நேரம் ஊறவைத்து மெல்லிசாக ஊற்றி மூடி வேகவிடுங்கள். மாவு பச்சையாக இருந்தால் நாக்கில் கசப்பு தெரியும், குழந்தை அடுத்த முறை தொடவே மாட்டான். இதில் சுமார் 10 கிராம் புரதம் இருக்கிறது, ஒரு முட்டையில் இருப்பதை விட அதிகம். கடலை, பயறு வகைகளுக்கும் அலர்ஜி உள்ள குழந்தைக்கு மட்டும் இது வேண்டாம்.

ஸ்நாக்ஸுக்கு ஷார்ட்பிரெட் பிஸ்கட். அதற்கு முட்டையே தேவையில்லை. 50 கிராம் சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், 150 கிராம் மைதா, அவ்வளவுதான். 170 டிகிரியில் ஓரம் லேசாகப் பொன்னிறமாகும் வரை. பழம், சீஸ், பாப்கார்ன் எல்லாம் நீங்களே கொடுப்பீர்கள், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வாங்கும் பொருளில் ஏமாற்றுவது பெயர்தான். 'எக் சப்ஸ்டிடியூட்' என்று விற்பவற்றில் சில முட்டை வெள்ளைக்கருவாலேயே செய்தவை, கொழுப்பைக் குறைக்க நினைப்பவர்களுக்கானவை. 'எக் ரீப்ளேசர்' என்றால் வழக்கமாக ஸ்டார்ச். பெயரை நம்பாமல் பின்பக்கத்தைப் படியுங்கள். அல்புமின், லைசோசைம், ஓவோ என்று தொடங்கும் சொற்கள் எல்லாம் முட்டையைக் குறிக்கலாம். பன், பேஸ்ட்ரி மேலே தெரியும் பளபளப்பு பல சமயம் முட்டைப் பூச்சு. மயோனைஸ் தடவிய சாண்ட்விச்சையும் மறக்க வேண்டாம். கஸ்டர்ட் பவுடர் பெரும்பாலும் சோள மாவுதான். ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் 1837இல் அதை உருவாக்கியதே முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக. இருந்தாலும் லேபிளைப் பாருங்கள்.

அப்புறம், "கேக்கில் வெந்த முட்டை கொஞ்சம்தானே" என்று யாராவது சொல்வார்கள். நன்றாக வெந்த முட்டை பல குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் முட்டையில் உள்ள ஓவோமியூகாய்ட் என்ற புரதம் சூட்டுக்கு அவ்வளவாக அசையாது. உங்கள் மகன் எந்த வகை என்று வீட்டில் தின்னக் கொடுத்துக் கண்டுபிடிக்கக் கூடாது. அந்தச் சோதனை அலர்ஜி மருத்துவர் முடிவு செய்து, அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டியது.

மீதிக் கப்கேக்குகளைத் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், இரண்டு மாதம் தாங்கும். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் காலையில் ஒன்றை எடுத்து டப்பாவில் போட்டுவிடுங்கள், கேக் வெட்டும் நேரத்துக்குள் உறைபனி விட்டு மெத்தென்று ஆகியிருக்கும்.