நெருப்பும் நீரும் சேருமா?

வணக்கம் மேடம். என் பிறந்த நாள் ஏப்ரல் 5, மேஷம். நான் விரும்புகிறவருக்கு நவம்பர் 20, விருச்சிகம். நெருப்பு ராசிக்கும் நீர் ராசிக்கும் ஒத்தே வராது என்று படித்ததிலிருந்து மனசு சரியில்லை. சண்டை வந்தால் எனக்கு உடனே பேசித் தீர்த்தாகணும். அவர் வாயே திறக்க மாட்டார், மறுநாள்தான் பேசுவார். இதுதான் அந்தப் பொருத்தக் குறையா? கல்யாணப் பேச்சைத் தொடரலாமா?
- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் படித்த கணக்கு மிக எளிமையானது. ஒரே வகை ராசிகள் பொருந்தும்; நெருப்புக்குக் காற்று நட்பு, நிலத்துக்கு நீர் நட்பு; மற்றதெல்லாம் ஆகாது. வகைக்கு 3 ராசி என்பதால், யாருக்குப் பார்த்தாலும் 12-இல் 6 பொருந்தும், 6 பொருந்தாது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் இதே பாதிக்குப் பாதிதான்.

உங்கள் தேதிகளையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்தது பருவங்களை வைத்துப் பிரித்த மேற்கத்திய முறை. நட்சத்திரங்களை வைத்துப் போடும் பஞ்சாங்கக் கணக்கு அதிலிருந்து சுமார் 24 பாகை தள்ளி நிற்கிறது. அதன்படி ஏப்ரல் 5-இல் சூரியன் மீனத்தில் இருக்கிறது. நவம்பர் 20-இல் விருச்சிகத்தில். இரண்டும் நீர் ராசி, அமோகப் பொருத்தம்! ஆட்கள் மாறவில்லை, தீர்ப்பு மட்டும் தலைகீழாகிவிட்டது. ஜோதிடம் முறையாகப் படித்தவர்களும் சூரிய ராசி ஒன்றை மட்டும் வைத்துப் பொருத்தம் சொல்ல மாட்டார்கள்.

டேவிட் வோவாஸ் என்ற ஆய்வாளர், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 2001 மக்கள்தொகைக் கணக்கிலிருந்து சுமார் 1 கோடி தம்பதிகளின் ராசிகளை ஒப்பிட்டார். எந்த ராசிக்காரரும் குறிப்பிட்ட ராசிக்காரரை அதிகமாக மணக்கவில்லை. அவர்கள் சந்தோஷமாக இருந்தார்களா என்பது அந்த ஆய்வில் இல்லை. ராசிக்கு ராசி ஈர்ப்பு உண்டு என்ற பேச்சுக்கு மட்டும் அது பதில்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மௌனம். ஒருவர் பேசச் சொல்லி நெருக்க, மற்றவர் ஒதுங்க, ஒதுங்குவதைப் பார்த்து முதலாமவர் இன்னும் நெருக்குவார். ஆலோசனைக்கு வரும் தம்பதிகளிடம் அடிக்கடி பார்க்கும் சுழல் இது. 'விருச்சிகம் அப்படித்தான்' என்று முடிவு கட்டிவிட்டால், அவர் ஏன் ஒதுங்குகிறார் என்று கேட்கவே தோன்றாது. படபடப்பு அடங்க நேரம் வேண்டியிருக்கலாம். வாய்விட்டால் வார்த்தை தடித்துவிடும் என்ற பயமாகவும் இருக்கலாம்.

சண்டை இல்லாத ஒரு நாளில் அவரிடம் கேளுங்கள். அடுத்த முறை ஒதுங்கும்போது, 'ராத்திரி 9 மணிக்குப் பேசலாம்' என்று நேரம் சொல்லிவிட்டுப் போகட்டும். அதுவரை நீங்களும் மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்ப வேண்டாம். சொன்ன நேரத்துக்கு வந்து, விட்ட விஷயத்தையே எடுத்துப் பேசினால் தாராளமாகக் கல்யாணப் பேச்சைத் தொடருங்கள். ஒன்றுமே நடக்காததுபோல் வந்து நின்றாலோ, நீங்கள் மன்னிப்புக் கேட்கும்வரை மௌனம் நீண்டாலோ, தேதி குறிப்பதைத் தள்ளிவைத்துவிட்டு இருவருமாக ஒரு ஆலோசகரைப் பாருங்கள்.