சார்ஜர் முன்னால் ரோபோ ஏன் பாம்பாக நெளிகிறது: கேள்வி பதில்

அம்பத்தூரில் ஒரு ஷெட்டில் சாமான் இழுக்கும் ரோபோ வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். வண்டி போய் நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் டாக்கில், அதன் கேமரா பார்த்து வழி கண்டுபிடிப்பதற்காக ஒட்டும் சதுர டேக் பற்றி வந்த கேள்விகளில் பாதி, சுற்றி வளைத்து ஒரே இடத்துக்குத்தான் வருகிறது, அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கிண்டி, கல்லூரி மாணவி: அக்கா, 10 செ.மீ. `tag36h11` டேக், 640×480 கேமரா. தூரத்தில் ஒழுங்காக வருகிறது. நேராக நின்று ஒரு மீட்டர் தூரத்துக்கு நெருங்கியதும் இடம் வலம் என்று ஆடுகிறது. கன்ட்ரோலரை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துவிட்டது.

கன்ட்ரோலரை விடு, அது பாவம். அதற்குப் போகிற எண் பொய்.

உன் கேமராவின் ஃபோகல் நீளம் சுமார் 600 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டரில் 10 செ.மீ. டேக் 60 பிக்சல் அகலம் தெரியும். இப்போது டாக்கை 5 டிகிரி திருப்பு. அகலம் cos 5° மடங்கு, அதாவது 60-இல் கால் பிக்சல்கூடக் குறையாது. அது குறைந்தாலும் வலப்பக்கம் திரும்பியதா இடப்பக்கமா என்று சொல்லாது. பக்கத்தைச் சொல்வது இன்னொன்று: ஒரு விளிம்பு கிட்டே வரும், இன்னொன்று விலகும், கிட்டே இருப்பது கொஞ்சம் உயரமாகத் தெரியும். இரண்டுக்கும் ஆழ வித்தியாசம் 9 மி.மீ., உயர வித்தியாசம் அரை பிக்சல். மூலைகளைக் கண்டுபிடிப்பதில் வருகிற பிசிறே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். அதனால் ஒரு ஃப்ரேமில் +5, அடுத்ததில் −5 என்று தாவும்.

கோணம் 5 டிகிரி தப்பினால் ரோபோ என்ன நினைக்கும்? டாக்கின் நடுக்கோட்டிலிருந்து 9 செ.மீ. விலகி நிற்கிறோம் என்று நினைத்து அதைத் திருத்த ஓடும். அடுத்த ஃப்ரேமில் எதிர்ப்பக்கம் 9 செ.மீ. அதுதான் உன் பாம்பு.

டேக் கேமராவுக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பது மட்டும் அசையாது, ஏனென்றால் ஒரு பிக்சல் தப்பினாலும் 0.1 டிகிரிதான். தூரமும் பரவாயில்லை. கெடுவது டேக் எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறது என்ற ஒன்று மட்டுமே, அதுவும் நாம் நேராக நிற்கும்போது. சாய்வாக 30, 40 டிகிரியிலிருந்து பார்த்தால் அதே டேக் நன்றாகவே பேசும்.

சந்தேகம் இருந்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற இரண்டு விடையையும் OpenCV-இடம் கேட்டுப் பார்:

```python
n, rv, tv, err = cv2.solvePnPGeneric(
    obj, img, K, D,
    flags=cv2.SOLVEPNP_IPPE_SQUARE)
print(err[0], err[1])
```

இரண்டு பிழையும் கிட்டத்தட்ட சமமாக இருந்தால் கோணத்தைத் தூக்கிப் போடு, திசையையும் தூரத்தையும் மட்டும் வைத்துக்கொள். நான் இரண்டாவது பிழை முதலாவதைப்போல இரு மடங்காவது இருந்தால்தான் கோணத்தை நம்புகிறேன். இரண்டு என்பது என் கைக்கணக்கு, வேதவாக்கு இல்லை.

பெருங்குடி, மென்பொருள் வேலை: இதற்கு ஏன் இவ்வளவு? 1080p கேமரா போட்டால் முடிந்தது.

பாதி சரி. அகலவாக்கில் பிக்சல் மூன்று மடங்கானால் அந்த அரை பிக்சல் ஒன்றரை ஆகும், ஆட்டம் குறையும். ஆனால் ஒன்றரை பிக்சலுக்காக ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஏழு மடங்கு படத்தை அலச வேண்டும், சின்ன போர்டில் ஃப்ரேம் வேகம் விழும், வண்டி நகரும்போது படம் கொஞ்சம் இழுபட்டால் கிடைத்ததும் போய்விடும். பெரிய டேக் போட்டாலும் இதே கதைதான், பிரச்சினையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான். எங்கள் ஷெட்டிலும் முதலில் கேமராவைத்தான் மாற்றினோம், அந்தக் காசை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கிண்டி மாணவி மறுபடி: சரி அக்கா, அப்போ என்னதான் செய்வது?

டேக்குக்கு ஆழம் கொடு. ஒரே பலகையில் ஒட்டாமல், ஒன்றை சார்ஜர் பெட்டியின் முகத்திலும், வேறு எண் கொண்ட இன்னொன்றை அதற்கு மேலே 10 செ.மீ. பின்னால் தள்ளியும் வை. இப்போது 5 டிகிரி விலகிப் பார்த்தால் பின்னால் உள்ளது முன்னால் உள்ளதைவிட 9 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்து தெரியும், அது ஏறக்குறைய 5 பிக்சல். அரை பிக்சல் எங்கே, ஐந்து எங்கே! அதோடு எந்தப் பக்கம் விலகினோமோ அதற்கேற்ப இடமோ வலமோ நகரும், குழப்பமே இல்லை. துப்பாக்கியில் முன் குறியும் பின் குறியும் தள்ளித் தள்ளி இருப்பது இதற்குத்தானே.

கணக்கில் ஒரு கண்ணி உண்டு. எட்டு மூலைகளையும் ஒரே தடவையில் கொடுக்க வேண்டும், தனித்தனியாகக் கணக்கிட்டு சராசரி எடுத்தால் ஆழம் வைத்ததன் பலன் போய்விடும். அப்போது `SOLVEPNP_IPPE_SQUARE` வேலைக்கு ஆகாது, அது ஒற்றைச் சதுரத்துக்கானது; `SOLVEPNP_SQPNP` போடு. இரண்டு டேக்கும் பெட்டியோடு சேர்ந்த ஒரே இரும்புச் சட்டத்தில் திருகாணி போட்டு முடுக்கியிருக்கட்டும். பெட்டி தரையிலும் டேக் சுவரிலும் தனித்தனியாக இருந்தால், யாராவது பெட்டியைக் காலால் ஒரு தட்டு தட்டினால் போதும், எல்லாம் போச்சு.

கடைசி 20 செ.மீ.க்குள் முன் டேக்கோ பின் டேக்கோ கேமரா படத்தை விட்டு வெளியேறும். அங்கே சக்கரக் கணக்கை நம்பி நேராகப் போக வேண்டியதுதான், ஆகவே அதற்கு முன்பே கோணம் சரியாகியிருக்க வேண்டும்.

மாதவரம், இல்லத்தரசி: எங்கள் வீட்டுத் தரை துடைக்கும் ரோபோ கட்டிலுக்கு அடியில் போய் சார்ஜ் இல்லாமல் நின்றுவிடுகிறது. இந்த ஸ்டிக்கரை டாக்கில் ஒட்டினால் வந்துவிடுமா?

வராதும்மா. அதற்கு இந்தச் சதுரத்தைப் படிக்கத் தெரியாது. அந்த வகையில் பல டாக் விடும் அகச்சிவப்பு ஒளியைப் பிடித்துத்தான் வருகின்றன. டாக்குக்கு முன்னால் செருப்பு, மிதியடி இல்லாமல் பாருங்கள், கட்டிலுக்கு அடியில் போகாதபடி ஒரு அட்டை வையுங்கள்.

திருமுடிவாக்கம், பட்டறை: சார், ஆட்டம் எல்லாம் இல்லை, நேராகத்தான் வருகிறது. ஆனால் டாக்கை இடித்துத் தள்ளுகிறது.

சார் இல்லை, அக்கா என்றே சொல்லுங்கள். டேக்கை ஸ்கேல் வைத்து அளந்தீர்களா? கறுப்புச் சட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை, சுற்றியுள்ள வெள்ளை சேராமல். ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்குப் பொருத்தி அச்சடித்து 10 செ.மீ. 9.4 ஆகிவிடும். நிரலில் 10 என்றே இருந்தால் ஒரு மீட்டரை 1 மீட்டர் 6 செ.மீ. என்று நினைக்கும், இன்னும் தூரம் இருக்கிறது என்று வந்து இடிக்கும்.

அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டரில் வண்டியை வைத்து டேப்பால் அளந்து பாருங்கள். பிழை தூரத்தோடு வளர்ந்தால் டேக் அளவோ கேமரா காலிப்ரேஷனோ தப்பு. எங்கேயும் ஒரே 3 செ.மீ. என்றால் கேமரா வண்டியில் எங்கே இருக்கிறது என்று எழுதிய எண் தப்பு.

சோழிங்கநல்லூர், இன்டர்ன்: அக்கா, எங்கள் இடத்தில் சாயங்காலம் நாலு மணி வாக்கில் டேக்கே தெரியாமல் போகிறது. லேமினேஷனைப் பிரித்து மேட் தாளில் அச்சடித்தோம், இன்னும் அப்படியே.

ஜன்னல் மேற்குப் பக்கமா? பிரதிபலிப்பு இல்லையென்றால், கேமரா வெளிச்சத்தைத் தானாகச் சரிசெய்யும்போது ஜன்னலைப் பார்த்து டேக்கை இருட்டாக்குகிறது என்று சந்தேகப்படுகிறேன். எக்ஸ்போஷரைக் கையால் நிறுத்திவிட்டுப் பார், அதுவும் உதவவில்லை என்றால் தெரியாமல் போன அந்த நேரத்து ஃப்ரேம்கள் பத்தை அப்படியே சேமித்து அனுப்பு. படத்தைப் பார்க்காமல் இதற்கு மேல் சொன்னால் அது ஜோசியம்.