முகம் பார்க்காத பையனுக்கு ஐக்யூ டெஸ்ட்

“தண்டையார்பேட்டையில இருக்கோம். பையனுக்கு 7 வயசு, ஃப்ராஜைல் எக்ஸ்ங்கிற மரபணுக் குறைபாடு. ஐக்யூ டெஸ்ட்ல மேடம் கேள்வி கேட்டா கையைக் கடிச்சிக்கிறான், பதிலே வரல. பக்கத்து வீட்டு டவுன் சிண்ட்ரோம் பொண்ணு சிரிச்சிக்கிட்டே உட்கார்ந்தாளாம். இவனுக்கு ஒண்ணுமே தெரியாதா?”

அந்த ஸ்கோரை இப்போதைக்கு அவன் அறிவோட அளவா எடுத்துக்காதீங்க. எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்து நேரடியாக் கேட்டா, ஃப்ராஜைல் எக்ஸ் பிள்ளைகளுக்குப் பதட்டம் சட்டுனு ஏறிடும். கையைக் கடிக்கிறது பெரும்பாலும் அதோட அடையாளம், அடம் இல்ல.

வீட்டுல சோதிச்சுப் பாருங்க. அவன் பக்கத்துல, தோளோட தோளா உட்காருங்க. “இது என்ன?”ன்னு கேட்காம, பூனை படத்தைக் காட்டி “பால் குடிக்கிறது ஒரு...”ன்னு நிறுத்துங்க. முடிச்சு வச்சான்னா, வார்த்தை இருக்கு. கேட்ட விதம்தான் தடை.

இதை மேடம்கிட்ட அப்படியே சொல்லுங்க. பக்கவாட்டு இருக்கை, விரலால சுட்டிக்காட்டிப் பதில் சொல்ற கேள்விகள் முதல்ல, 15 நிமிஷம் வீதம் ரெண்டு மூணு நாள். முறையை மாத்தினா மாத்தினதை ரிப்போர்ட்ல எழுதணும்.

அந்தப் பொண்ணோட ஒப்பிடாதீங்க. டவுன் சிண்ட்ரோம்ல பழகுறது பலம். கஷ்டமான கேள்வியைச் சிரிச்சே தள்ளிடுறதும் உண்டு. அவங்களுக்குக் காது கேட்கிறதை முதல்ல பார்க்கணும். உங்க பையனுக்கும் அடிக்கடி காதுல சீழ் வந்திருந்தா பாருங்க.

ஒரு எச்சரிக்கை: கடி திடீர்னு கூடினா பல்வலி, காதுவலி இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டுங்க. எல்லாத்தையும் பதட்டத்து மேல போட்டுடக் கூடாது.